வயிறு நிறைந்தும் பசி அடங்காதது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காலை எட்டு மணிக்கு நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிடுகிறேன். வயிறு நன்றாக நிறைகிறது. ஆனால் பத்தரை மணிக்கெல்லாம் மறுபடி பசி. ஏன்?

வயிறு நிறைவது வேறு, பசி அடங்குவது வேறு. இரைப்பை விரியும்போது அந்தச் சேதி வேகஸ் நரம்பு வழியாக மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போய், அங்கிருந்து பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸை எட்டுகிறது. இதுதான் 'போதும்' என்ற முதல் உணர்வு. இரைப்பை காலியாகத் தொடங்கியதும் இது மங்கிவிடும். இட்லியோ அரைத்து, புளிக்கவைத்து, ஆவியில் வெந்த மெத்தென்ற உணவு. குடலுக்குள் இறங்க அதற்கு அதிக நேரம் ஆகாது.

அடுத்த சேதி குடலிலிருந்து வருகிறது. கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இது வேகஸ் நரம்பைத் தூண்டுவதோடு இரைப்பை காலியாகும் வேகத்தையும் குறைக்கிறது. உணவு இன்னும் கீழே போகும்போது ஜி.எல்.பி-1, பெப்டைட் ஒய்-ஒய் என்ற இரண்டு ஹார்மோன்களும் கூடுகின்றன. உணவுக்குப் பின் மணிக்கணக்கில் பசியைத் தள்ளிப்போடுவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் தட்டில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. நாலு இட்லியில் புரதம் ஏழெட்டு கிராம்தான். மாவுச்சத்து மிகுந்த உணவு, இரைப்பை சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலினைச் சட்டென்று இறக்கும். ஆனால் சில மணி நேரத்தில் அது சாப்பிடுவதற்கு முன் இருந்த அளவையும் தாண்டி எழக்கூடும். புரதம் அதை நீண்ட நேரம் கீழேயே வைத்திருக்கும். இதோடு, சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் சிலருக்கு ரத்தச் சர்க்கரை வெறும்வயிற்று அளவுக்கும் சற்றுக் கீழே போகிறது. அவர்களுக்கு அந்த நேரத்தில் பசி கூடுதல். உங்கள் பத்தரை மணி இந்த நேரக் கணக்குக்குப் பொருந்துகிறது.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். மூன்று இட்லி, பருப்பு கெட்டியாக உள்ள சாம்பார் இரண்டு கரண்டி, ஒரு அவித்த முட்டை அல்லது அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டல். புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். முட்டையையோ சுண்டலையோ முதலில் சாப்பிட்டுவிட்டு இட்லிக்கு வாருங்கள். பசி வந்த நேரத்தைத் தினமும் குறித்து வையுங்கள். தண்ணீரான ஹோட்டல் சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவராக இருந்து, பசியோடு வியர்வை, கை நடுக்கம், படபடப்பும் வந்தால் அதைச் சாதாரணப் பசியாக எண்ணாதீர்கள். உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. உடனே சர்க்கரை எடுத்துக்கொண்டு, பிறகு மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேச வேண்டும்.

மெதுவாகச் சாப்பிட்டால் குறைவாகச் சாப்பிடுவோமா? இருபது நிமிடக் கணக்கு உண்மையா?

இருபது என்பது கறாரான எல்லை அல்ல. குடல் ஹார்மோன்கள் எழ நேரம் பிடிக்கும் என்பது உண்மை. 2010-இல் வெளியான ஒரு ஆய்வில் ஒரே அளவு ஐஸ்கிரீமை ஒருமுறை ஐந்து நிமிடத்திலும் இன்னொருமுறை அரை மணி நேரத்திலும் சாப்பிடச் செய்தார்கள். மெதுவாகச் சாப்பிட்டபோது ஜி.எல்.பி-1, பெப்டைட் ஒய்-ஒய் இரண்டும் கூடுதலாக எழுந்தன. கிரெலினில் வேறுபாடு இல்லை. ஆகவே வேகத்தைக் குறைப்பதால் நிறைவு உணர்வு பலப்படும், பசி ஹார்மோன் அதிகமாக இறங்கிவிடாது. முதல் தட்டு முடிந்ததும் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளுமுன் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அளவு மீறுவது அந்த இரண்டாவது தடவையில்தான்.

அலுவலகத்தில் பதினோரு மணி ஆனால் கட்டாயம் பசிக்கிறது. விடுமுறை நாளில் பசிப்பதில்லை.

கிரெலின் நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி முன்கூட்டியே எழுகிறது. பட்டினி இருப்பவர்களிடம்கூட வழக்கமான சாப்பாட்டு வேளையில் எழுந்து, எதுவும் சாப்பிடாமலே தானாக இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். தினம் பதினோரு மணிக்குத் தேநீரும் பிஸ்கட்டும் சாப்பிட்டுப் பழகியிருந்தால் உடல் அதை எதிர்பார்க்கும். விட நினைத்தால் சில நாள் பொறுக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் இரைப்பை விரிந்து கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். ஆனால் கிரெலினை இறக்குவது இரைப்பையின் விரிவு அல்ல, குடலை எட்டும் சத்து.

என் நாலு வயதுப் பேரன் 30 கிலோ. சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி கேட்கிறான். லெப்டின் குறைவாக இருக்குமா?

லெப்டின், உடலில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன். பருமனாக உள்ள பெரும்பாலோருக்கு அது அதிகமாகவே இருக்கும். அது கொழுப்புத் திசுவிலிருந்து வருவதால் கொழுப்பு கூடக் கூட அதுவும் கூடும். மூளை அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை என்பதுதான் அவர்களது சிக்கல். எனவே பெரியவர்களுக்கு லெப்டின் பரிசோதனையால் சிகிச்சை மாறாது. கடையில் 'லெப்டின்' பெயரில் விற்கும் மாத்திரைகளும் பயன் தராது. அது ஒரு புரதம், வாய்வழி போனால் செரித்துவிடும்.

ஆனால் உங்கள் பேரன் விஷயம் வேறு. 1997-இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் பாகிஸ்தானியக் குடும்பம் ஒன்றில் இரண்டு குழந்தைகளிடம் பிறவி லெப்டின் குறைபாட்டைக் கண்டறிந்தார்கள். எட்டு வயதுப் பெண் 86 கிலோ, இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. அந்தப் பெண்ணுக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டபோது ஒரே ஆண்டில் 16 கிலோ குறைந்தது. இது அரிதான நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். அதனால் மாமன், அத்தை மகன், மகள் என்று சொந்தத்தில் திருமணம் நடந்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது. பிறக்கும்போது எடை சாதாரணமாக இருந்து முதல் சில மாதங்களிலேயே மளமளவென்று ஏறியதா, அடிக்கடி நோய்த்தொற்று வருகிறதா, பெற்றோர் உறவினரா என்று எழுதிக்கொண்டு, குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். லெப்டின் அளவைப் பார்க்க வேண்டிய குழந்தை இவன்.

ஆறு மாதத்தில் பன்னிரண்டு கிலோ குறைத்தேன். முன்பு இரண்டு சப்பாத்தியில் அடங்கிய பசி இப்போது மூன்றிலும் அடங்குவதில்லை. மனஉறுதி போய்விட்டதா?

இல்லை. கொழுப்பு குறைந்ததால் லெப்டினும் குறைந்திருக்கிறது. உணவைக் கடுமையாகக் குறைத்தால், கொழுப்பு கரைவதற்கு முன்னாலேயே சில நாட்களில் அது சரிந்துவிடும். அப்போது ஹைப்போதலாமஸின் ஆர்குவேட் பகுதியில் பசியைத் தூண்டும் ஏ.ஜி.ஆர்.பி. நரம்பணுக்கள் ஓங்கி, அதை அடக்கும் பி.ஓ.எம்.சி. நரம்பணுக்கள் தளர்கின்றன. சாப்பாட்டை நிறுத்தச் சொல்வது லெப்டினின் வேலை அல்ல. குடலிலிருந்து வரும் சேதிக்கு மூளை எவ்வளவு மதிப்புத் தர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அதே இரண்டு சப்பாத்தி இப்போது குறைவான நிறைவைத் தருவது இதனால்தான்.

2011-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், பத்து வாரத்தில் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் லெப்டின் குறைவாகவும் கிரெலின் கூடுதலாகவும் இருந்தது. எனவே 'கொஞ்ச நாளில் பழகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள். மூன்றாவது சப்பாத்திக்குப் பதில் ஒரு கப் கெட்டிப் பருப்பு அல்லது 100 கிராம் பனீர், கூடவே இரண்டு கப் பொரியல் என்று தட்டை மாற்றுங்கள். தூக்கத்தைக் கவனியுங்கள். இரண்டே இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் படுத்த இளைஞர்களிடம் லெப்டின் 18 விழுக்காடு குறைந்து கிரெலின் 28 விழுக்காடு கூடியது. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலை வெறும் வயிற்றில் எடை பாருங்கள். இரண்டு கிலோ ஏறிவிட்டால், பத்து கிலோ ஆகும்வரை விடாமல் அந்த வாரமே மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ பாருங்கள்.