எஃப்.டி.யை உடைத்துத் தங்கக் காசு வாங்கலாமா?

கேள்வி: என் அக்கா ரியாத்தில் நர்ஸ். நான் நாகர்கோவிலில் இருக்கிறேன். அவள் எனக்கு எழுதியிருப்பது இது: "தங்கம் இப்படி ஏறிக்கிட்டே போகுது, இனியும் ஏறும்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. வீடு கட்ட வச்சிருக்கிற என்.ஆர்.இ. எஃப்.டி. 6 லட்சத்தை உடைச்சு உனக்கு அனுப்புறேன், 8 கிராம் காசா வாங்கி வை. ரெண்டு வருஷம் கழிச்சு வித்து வேலையை ஆரம்பிப்போம். அடுத்த லீவுக்கு இங்கிருந்தும் ரெண்டு காசு கொண்டு வரேன்." எஃப்.டி. போட்டு பத்து மாதம் ஆகிறது. வாங்கலாமா?

பதில்: இந்தப் பணத்தில் வேண்டாம் என்று அக்காவுக்கு இன்றே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கே சம்பாதித்ததை இங்கே வங்கியில் போட்டு வைக்கும் என்.ஆர்.இ. டெபாசிட்டை ஒரு வருடம் முடியும் முன் உடைத்தால் வட்டியே கிடைக்காது. ஆறரை சதவீத வட்டி என்று வைத்தால், 6 லட்சத்துக்குப் பத்து மாத வட்டி ஏறக்குறைய 32,000 ரூபாய். இந்தியாவில் வருமான வரி இல்லாத அந்தத் தொகையை, இன்னும் இரண்டே மாதம் பொறுக்காததால் அவர் இழப்பார்.

அடுத்தது காசின் விலை. கணக்குக்கு எளிதாக 24 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராமுக்கு 80,000. செய்கூலி 3 சதவீதம் என்றால் 2,400. இரண்டுக்கும் சேர்த்து 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,472. ஆக, நீங்கள் கொடுப்பது 84,872 ரூபாய். மறுநாளே அதே கடையில் விற்கப் போனால் ஜி.எஸ்.டி.யும் செய்கூலியும் திரும்பி வராது. கடைக்காரர் 2 சதவீதம் கழித்தால் கையில் 78,400தான். போட்ட பணம் திரும்பவே கிராம் விலை சுமார் 10,826 ரூபாய்க்கு ஏறியாக வேண்டும். செய்கூலியும் கழிவும் கடைக்குக் கடை மாறும். 1 கிராம், 2 கிராம் காசுகளில் செய்கூலி விகிதம் பெரும்பாலும் இன்னும் கூடும். ஆகவே வாங்கும் முன் "இதையே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள்?" என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்லும் கடையில் வாங்குவதே நல்லது. வங்கிகளும் காசு விற்கின்றன, ஆனால் அவை திரும்ப வாங்குவதில்லை.

விலை இனி ஏறாது என்று நான் சொல்லவில்லை. 2025 அக்டோபரில் சென்னையில் சவரன் 97,000 ரூபாயைத் தாண்டி, அந்த மாதத்திலேயே 90,000க்குக் கீழே இறங்கியது. டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. எதிர்ப்பக்கமும் உண்டு. 2011 செப்டம்பரில் உலகச் சந்தையில் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்ட தங்கம், 2015 இறுதியில் 1,050 டாலர் அருகே கிடந்தது. பழைய உச்சத்தைத் தாண்டியது 2020ல்தான். ரூபாய் மதிப்பு சரிந்ததால் நம் ஊரில் அந்த அடி குறைவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பத்து வருடம் காத்திருக்க முடிந்தவருக்கு இது பெரிய கவலை இல்லை. இரண்டு வருடத்தில் கொத்தனாருக்கும் கம்பி, சிமென்டுக்கும் ரொக்கமாக எண்ணிக் கொடுக்க வேண்டிய வீட்டுப் பணத்துக்கு இது பெரிய ஆபத்து.

நடுவில் அவசரத்துக்கு அடகு வைக்கலாமே என்று நினைத்திருந்தால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நகைக்குக் கடன் தருவது போலக் காசுக்கு வங்கிகள் எளிதில் தருவதில்லை. காசுக்கு 50 கிராம் வரைதான் வரம்பு. கடையில் வாங்கிய காசு என்றால் சில கிளைகளில் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடலாம்.

அக்காவுக்குத் தங்கத்தின் மேல் ஆசை இருந்தால், அதற்கு வீட்டுப் பணத்தைத் தொடாமல் சம்பளத்திலிருந்து தனியாக ஒதுக்கட்டும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை 8 கிராம் காசாக வாங்குங்கள். உறையில் 24 கேரட், 999 என்று இருக்கிறதா, எடை சரியா என்று கடையிலேயே பாருங்கள். உறையைப் பிரிக்காதீர்கள்; பிரித்தால் விற்கும்போது சோதனை, கழிவு என்று பேச்சு வளரும். பில் அக்கா பெயரில் இருக்கட்டும். பணம் அவருடையது, காசு உங்கள் பீரோவில் இருக்கப் போகிறது. நாளை குடும்பத்தில் யாரும் கேள்வி கேட்க இடம் வைக்க வேண்டாம். மகள் கல்யாணத்துக்கு நகை செய்யத்தான் சேமிப்பு என்றால், காசை மாற்றும்போது நகைக்குச் சேதாரமும் ஜி.எஸ்.டி.யும் மறுபடி கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ரியாத்திலிருந்து காசு கொண்டு வரும் யோசனையைக் கைவிடச் சொல்லுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பெண் 40 கிராம் வரை சுங்கத் தீர்வையில்லாமல் கொண்டு வரலாம் என்பது நகைக்கு மட்டும்தான். காசு அந்தச் சலுகையில் வராது. கழுத்தில் சங்கிலியோடு வருவதைப் போலக் காசைப் பையில் போட்டுக்கொண்டு, விமான நிலையத்தில் தீர்வை கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்து வந்தால், அது பறிமுதலாகலாம். அப்படியும் கொண்டு வந்தே தீருவேன் என்றால், பில்லோடு சிவப்பு வழியில் போய்ச் சொல்லித் தீர்வை கட்டட்டும். அந்தத் தீர்வையையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே வாங்குவதைவிடப் பெரிய லாபம் மிஞ்சாது.