மேற்கோளுக்குள் மேற்கோள்: டயோஜனிஸ் சொன்னதா, புளூட்டார்க் சொன்னதா?

கேள்வி: ஒருவர் சொன்னதை இன்னொரு ஆசிரியரின் நூலில்தான் படித்தேன், மூலம் கிடைக்கவில்லை. கட்டுரையில் எடுத்தாளும்போது இரட்டைக் குறிக்குள் ஒற்றைக் குறி போட வேண்டுமா?

பதில்: நீங்கள் யாருடைய சொற்களை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிரேக்கத் தத்துவஞானி டயோஜனிஸ் அலெக்சாண்டரிடம் சொன்னதாக நாம் எல்லோரும் கேட்ட வரியையே பார்ப்போம். டயோஜனிஸ் எழுதிய எதுவும் இன்று நம் கையில் இல்லை. அந்த வரி பிறர் எழுதித்தான் தெரியும். பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கின் வாக்கியத்தோடு சேர்த்து எடுத்தால் இப்படி வரும் (தமிழாக்கம் என்னுடையது):

“அரசன் நலம் விசாரித்து, ஏதாவது தேவையா என்று கேட்டபோது, ‘வெயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி நில்’ என்றான்.”

வெளிக்குறி புளூட்டார்க்குக்கு, உள்குறி டயோஜனிஸுக்கு. நூலில் உள்பேச்சு இரட்டைக் குறியில் இருந்தாலும் இங்கே ஒற்றையாக மாற்றிக்கொள்ளலாம், அது திரிப்பு ஆகாது. உள்பேச்சிலேயே வாக்கியம் முடிந்தால் முதலில் ஒற்றை, அப்புறம் இரட்டை என இரண்டையும் மூட வேண்டும். பிழைதிருத்தும்போது அதிகம் விடுபட்டிருப்பது அந்த ஒற்றைக் குறிதான். நீண்ட பகுதியாகத் தனிப் பத்தியில் உள்தள்ளி அமைத்தால் வெளிக்குறி தேவையில்லை, உள்பேச்சு இரட்டைக் குறிக்குத் திரும்பிவிடும்.

டயோஜனிஸின் சொற்களை மட்டும் எடுத்தால் ஒரே சோடிக் குறி போதும். ஆனால் யார் வழியாக வந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்: “வெயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி நில்” என்று டயோஜனிஸ் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதுகிறார் (அலெக்சாண்டர் வாழ்க்கை, 14). இதை வெறும் சம்பிரதாயம் என்று விட்டுவிட முடியாது. டயோஜனிஸ் லேயர்ஷியஸ் (பெயர் ஒன்றானாலும் ஆள் வேறு, பல நூற்றாண்டு பிந்தியவர்) இதே சம்பவத்தைச் சொல்லும்போது வாசகம் ‘என்மேல் நிழல் விழவிடாதே’ என்கிற மாதிரி இருக்கிறது. இடையில் இருப்பவர் பெயரை விட்டால், எந்த வாசகம் என்று படிப்பவர் சரிபார்க்க வழியே இல்லை.

இன்னொரு சிக்கல், இடையில் உள்ளவர் பேச்சைத் தன் நடையில் சொல்லியிருப்பது. பூதங்களின் தோளில் அமர்ந்த குள்ளர்கள் நாம் என்ற கருத்து சார்த்ர் நகரப் பெர்னார்டுடையது என்று 1159இல் சாலிஸ்பரி ஜான் எழுதினார். லத்தீனில் அது அயற்கூற்று. அங்கே உள்குறி போட்டால், ஜானின் சொற்களைப் பெர்னார்டின் வாயில் திணித்ததாகிவிடும். தமிழில் ‘என்று’ இரு கூற்றுக்கும் வருவதால் இந்தத் தவறு சுலபமாக நடக்கும்.

நூற்பட்டியலைப் பொறுத்தவரை, ஏபிஏ முறையில் நீங்கள் படித்த நூலை மட்டும் சேர்ப்பார்கள். சிகாகோ முறையில் அடிக்குறிப்பில் இரண்டையும் காட்டச் சொல்வார்கள். ஒரு தமிழ்க் கட்டுரையில் புளூட்டார்க் வரியைப் பார்த்திருந்தால் அதோடு நிற்காதீர்கள். அவருடைய நூல் ஆங்கில மொழிபெயர்ப்பில் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது, அங்கே போய் 14ஆம் பகுதியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.