கிச்சன் எக்ஸ்டென்ஷன் போர்டு சூடாகுறது எதனால?

ஃபிரிட்ஜ், கிரைண்டர், கெட்டில் மூணும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல, பிளக் சூடாகுது, ஆபத்தா?

ஆபத்துதாங்க, முதல்ல கெட்டிலை கழட்டுங்க. 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்ல ஆறரை ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் போர்டுக்கு அது ஒண்ணே அதிகம், ஃபிரிட்ஜும் கிரைண்டரும் ஓடுறப்ப ஆளுக்கு ஒரு ஆம்பியர் கிட்டதான், ஆனா ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகுற நொடியில அதைவிட பல மடங்கு போகும். அதனால கெட்டிலுக்கு சுவத்துல 16 ஆம்பியர் பாயின்ட், ஃபிரிட்ஜுக்கும் சுவத்துல தனி சாக்கெட்.

அப்பவும் பிளக் சுட்டா சாக்கெட்டுக்குள்ள பிடி லூசா இருக்கும், பின் கருத்திருந்தா பிளக், சாக்கெட் ரெண்டையும் மாத்துங்க, ஒண்ண மட்டும் மாத்துனா மறுபடி சுடும்.

ஃபிரிட்ஜோட மூணு பின் பிளக்கை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகாதீங்க, எர்த் கட் ஆயிடும், பாடியில கரண்ட் கசிஞ்சா தொடுறவங்களுக்குத்தான் ஷாக்.