ஊத்திப் பாருங்க

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஒரு சிறிய விளம்பர நிறுவனத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். சென்ற வாரம் ஒரு செக்குக்காரருக்காகத் துண்டறிக்கை வந்தது. அதில் இருந்த வாசகம்:

“பாட்டி கைபக்குவம்!!! மரசெக்கு நல்லெண்ணை! ஊத்தி பாருங்க… உருகி போவீங்க!! வாங்க வாங்க குறையும் விலை!!!”

நான் திருத்தியது:

“பாட்டியின் கைப்பக்குவம். மரச்செக்கு நல்லெண்ணெய். ஊற்றிப் பாருங்கள், உருகிப் போவீர்கள். வாருங்கள், வாங்குங்கள், விலை குறையும்.”

“பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது” என்று சொல்லி, மேலாளர் பழைய வாசகத்தையே பிழைகளோடு அச்சுக்கு அனுப்பிவிட்டார். விளம்பரத்தில் இலக்கணம் பார்ப்பதே தவறா? கூடவே, வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்பதையும் சொல்லுங்கள்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மேலாளர் செய்தது தவறு. ஆனால் அவர் காதுக்கு உறுத்தியது நியாயமானது. கைபக்குவத்தைக் கைப்பக்குவம் ஆக்கினீர்களே, அது திருத்தம். ஊத்தியை ஊற்றியாகவும் போவீங்க என்பதைப் போவீர்கள் என்றும் மாற்றினீர்களே, அதைத் திருத்தம் என்று சொல்ல மாட்டேன். கடை வாசலில் நின்று கூப்பிட்ட மனிதருக்குச் சால்வை போர்த்தி மேடையேற்றிவிட்டீர்கள். உங்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் இதே குற்றத்தை இருபது வயதில் நானும் செய்திருக்கிறேன்.

அப்போது ஈய எழுத்துகளைக் கையால் கோக்கும் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அல்வாக் கடையின் நோட்டீஸ் வந்தது. “சாப்பிட்டு பாருங்க, விடவே மாட்டீங்க” என்பதை “உண்டு பாருங்கள், விடவே மாட்டீர்கள்” என்று மாற்றி, பெருமையோடு அச்சுக் கோப்பவரிடம் நீட்டினேன். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் அவரை அழைப்போம். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, “தம்பி, கடைக்காரர் எழுதினதை வாய்விட்டுச் சொல்லு” என்றார். சொன்னேன். “சாப்பிட்டுப் பாருங்கன்னு சொன்னியே, நடுவில ஒரு ‘ப்’ கேட்டுதா? அதைப் போடு. மத்ததைத் தொடாதே” என்றார். அந்த ‘ப்’ முதலில் ஏன் விடுபட்டது என்று கேட்டேன். கடைக்காரர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தாராம். பெரிய அளவு எழுத்தில் அச்சகத்திடம் ‘ப்’ மூன்றே மூன்று இருந்தன, மூன்றும் வேறொரு கல்யாணச் சுவரொட்டியில் மாட்டிக்கொண்டிருந்தன.

ஒற்று என்பது பண்டிதர்கள் பேச்சின்மேல் ஏற்றிவைத்த சுமை என்று உங்கள் மேலாளர் நினைக்கிறார். நீங்களும் உள்ளூர அப்படியே நினைப்பதால்தான், ஒற்றைப் போட்ட கையோடு முழு வாக்கியத்தையும் செந்தமிழாக்கிவிடுகிறீர்கள். ஆனால் அது பேச்சிலேயே இருப்பது. ‘மரசெக்கு’ என்று அச்சில் இருந்தால், உயிருக்கு நடுவே தனித்து நிற்கும் சகரம் மெலிந்து, ‘மரஸெக்கு’ என்றே வாசிக்க வரும். எந்தச் செக்குக்காரரும் அப்படிச் சொல்வதில்லை; ‘மரச்செக்கு’ என்று அழுத்தித்தான் சொல்வார். ‘உருகி போவீங்க’ என்பதிலும் அந்தப் பகரம் தளர்ந்து, சொல் இரண்டாக உடைந்து நிற்கிறது. ‘உருகிப் போவீங்க’ என்று எழுதினால்தான் அவர் குரல் தாளில் ஏறுகிறது. ஆகவே ஒற்றை விட்டவர் இழந்தது இலக்கணத்தை மட்டுமல்ல, எந்தத் துடிப்பைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறாரோ அந்தத் துடிப்பையும்தான்.

பயந்து போடும் ஒற்றையும் இதே காது பிடித்துக் கொடுக்கும். ‘நல்லப் பொருள்’, ‘சிறந்தப் பள்ளி’, ‘வந்துப் பாருங்க’ என்றெல்லாம் பலகைகளில் பார்க்கிறேன். விடுபட்ட ஒற்றைவிட இவை மோசம், ஏனென்றால் இவற்றை எந்த வாயும் சொல்வதில்லை. ‘பாட்டி கைப்பக்குவம்’ என்பதில் பாட்டிக்குப் பின் ‘க்’ வேண்டாம். உயர்திணைப் பெயருக்குப் பின் வல்லினம் மிகாது என்று நன்னூலும் சொல்கிறது, வாயும் சொல்கிறது. நீங்கள் சேர்த்த ‘யின்’ இல்லாமலே அந்தத் தொடர் நன்றாக நிற்கும்.

காது கைவிடும் இடங்களும் உண்டு. ‘மெகா தள்ளுபடி’யை ‘மெகாத் தள்ளுபடி’ ஆக்கினால் சிரிப்பார்கள், விட்டுவிடுங்கள். ‘பட்டுச் சேலைகள்’ ஒரே அளவு எழுத்தில் இரண்டு வரியாக வந்தால் ‘ச்’ முதல் வரியின் கடைசியில் நிற்கட்டும். ‘பட்டு’ ஒரு கட்டத்திலும் ‘சேலைகள்’ வேறு கட்டத்தில் வேறு நிறத்திலும் இருந்தால் அவை தனித் தலைப்புகள், ஒற்று வேண்டாம். எழுத்துப்பிழைக்குக் காதைக் கேட்கவே கூடாது. பேச்சில் ‘நல்லெண்ண’ என்றுதான் சொல்கிறோம், அதற்காக ‘நல்லெண்ணை’ சரியாகிவிடாது. எள்ளும் நெய்யும் சேர்ந்தது எண்ணெய்; அந்த நெய்யைப் பிடுங்கிவிட்டு என்ன விற்பது? விற்கும் பொருளின் பெயர் எழுத்து வழக்கிலும், கூப்பிடும் வினைச்சொற்கள் பேச்சு வழக்கிலும் இருக்கலாம். ஒரே வாக்கியத்துக்குள் ‘ஊத்தி’யும் ‘போவீர்கள்’ என்பதும் கலந்தால்தான் கோணலாகும்.

வாழ்த்துகள் என்று எழுதுங்கள். மற்றவர் ‘க்’ போட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தச் சண்டைக்கு என் மீதி ஆயுள் போதாது. வியப்புக்குறி ஒரு துண்டறிக்கைக்கு ஒன்று போதும். முப்புள்ளி மட்டும் இருக்கட்டும், ஊத்திப் பார்ப்பதற்கும் உருகிப் போவதற்கும் நடுவில் நாக்குக்கு ஒரு நொடி வேண்டும்.

உங்களிடம் எனக்கு உண்மையான கோபம் கடைசி வரியில்தான். ‘வாங்க வாங்க குறையும் விலை’ என்பதை ‘வாருங்கள், வாங்குங்கள்’ என்று மாற்றியது செக்குக்காரர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைப்பது. பேச்சில் ‘வாங்க’ என்றால் வாருங்கள். விலைக்கு வாங்கச் சொல்வதென்றால் ‘வாங்குங்க’ என்போம். ஆகவே அந்த வரிக்கு இரண்டே பொருள்கள் உண்டு. முதலாவது ‘வருக வருக, விலை குறைகிறது’ என்னும் அழைப்பு. அதற்கு ‘வாங்க, வாங்க! குறையும் விலை’ என்று எழுத வேண்டும். ஏவல் வினைக்குப் பின் ஒற்று மிகாது. இரண்டாவது, ‘வாங்கும் அளவு கூடக் கூட விலை குறையும்’ என்னும் கணக்கு. அப்போது அது வாங்குதல் என்னும் வினையின் செயவென் எச்சம், உண்ணச் சென்றான் என்பதைப் போல. அதன் பின் வல்லினம் மிகும். ‘வாங்க வாங்கக் குறையும் விலை’ என்று நடுவில் குறியில்லாமல் ஒரே மூச்சாக எழுத வேண்டும். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: முதலாவதில் குரல் நின்று நின்று வரும், இரண்டாவதில் உருண்டு ஓடும். ஒரு ‘க்’கும் ஒரு காற்புள்ளியும் சேர்ந்து இங்கே கடையின் விலைப்பட்டியலையே மாற்றுகின்றன. ஒற்றும் இல்லாமல் குறியும் இல்லாமல் உங்கள் மேலாளர் அச்சேற்றிய வரியை ஐந்து லிட்டர் வாங்குபவர் தனக்குச் சலுகை என்று படிப்பார், கால் லிட்டர் வாங்குபவரும் அப்படியே படிப்பார். கல்லாவில் தகராறு செக்குக்காரருக்கு.

அடுத்த அச்சுக்கு நான் கொடுக்கும் வடிவம் இது:

“பாட்டி கைப்பக்குவம்! மரச்செக்கு நல்லெண்ணெய். ஊத்திப் பாருங்க… உருகிப் போவீங்க. வாங்க வாங்கக் குறையும் விலை.”

கடைசி வரியை என் ஊகத்தில்தான் எழுதியிருக்கிறேன். அளவு கூடினால்தான் விலை குறையுமா, வந்தவர்க்கெல்லாம் குறையுமா என்று நாளைக் காலையில் செக்குக்காரரைக் கேட்டுவிட்டு, அந்த ‘க்’கை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.