மாலை டியூஷனா, கடைகளுக்கு ரிட்டர்னா?

*ஐயா, எனக்கு வயது 29. பி.காம் முடித்துவிட்டு, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கையில் 23,000 ரூபாய் வருகிறது. மாதம் ஏழெட்டாயிரம் கூடுதலாக வந்தால் கடனை அடைத்துவிடுவேன். தெரிந்த கடைக்காரர்கள் ஜி.எஸ்.டி ரிட்டர்ன் போட்டுத் தரச் சொல்கிறார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. எதைத் தொடங்கலாம்? எவ்வளவு கேட்கலாம்? நான் கடலூரில் ஸ்டேட் போர்டில் படித்தவன்.*
*— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாகூர்*

டியூஷனைத் தொடங்குங்கள் தம்பி. கடைகளுக்கு ரிட்டர்ன் போடும் வேலையை இப்போதைக்குத் தொடாதீர்கள். இரண்டுமே உங்களுக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் தேதிகள் இடிக்கும்.

உங்கள் ஆபீசில் எந்தெந்த நாள் நேரமாகிறது என்று பாருங்கள். 7-ஆம் தேதி டி.டி.எஸ் கட்ட வேண்டும். 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி. கடைக்காரருக்கும் இதே நாட்கள்தான். சின்னக் கடைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையில் இருந்தாலும் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13, 22 என்றுதான் கடைசி நாள் வரும். நீங்கள் கம்பெனி வேலையில் மூழ்கிக் கிடக்கும் அதே வாரத்தில் கடைக்காரர் பில் கட்டைத் தூக்கிக்கொண்டு வருவார், அதுவும் கடைசி நாள் சாயங்காலம். ஒருநாள் தவறினால் அவருக்கு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி பாக்கி இருந்தால் வருடத்துக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி வேறு. அந்தப் பணத்தை யார் கட்டுவது என்ற பேச்சில் பழக்கமும் போய்விடும். இன்னொன்று, அந்தக் கடைக்காரர்களில் யாராவது உங்கள் கம்பெனியோடு வாங்கல் விற்றல் வைத்திருந்தால் கம்பெனி அதை விரும்பாது.

டியூஷனில் இந்தச் சிக்கல் இல்லை. 20-ஆம் தேதி புதன்கிழமையில் வந்தால் அன்றைய வகுப்பை வியாழனுக்குத் தள்ளிக்கொள்ளலாம், யாருக்கும் அபராதம் வராது.

அடுத்து, யாருக்கு எடுப்பது என்பது. பாகூரில் இருந்துகொண்டு இதை முடிவு செய்வதற்கு முன் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ-க்கு மாறிவிட்டன. 2024-25 முதல் பிளஸ் டூ வரை என்.சி.இ.ஆர்.டி புத்தகம்தான். முள்ளோடையைத் தாண்டிக் கடலூர் பக்கம் போனால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் உங்களிடம் கேட்டு வருவார்கள். இரண்டையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் முழுமை பெறா பதிவேடுகளும் இலாப நோக்கமற்ற அமைப்புகளின் கணக்கும் உண்டு. சி.பி.எஸ்.இ பிளஸ் டூவில் இப்போது அவை இல்லை. அங்கே கடன் பத்திரங்களும் ரொக்க ஓட்ட அறிக்கையும் இருக்கின்றன. 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் ரொக்க ஓட்ட அறிக்கைக்கு மட்டும் 8 மதிப்பெண். அந்தப் பாடத்தை நீங்கள் பள்ளியில் படித்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே முதல் வருடம் பாகூர், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கத்து சி.பி.எஸ்.இ பிள்ளைகளாகப் பாருங்கள். அதிலும் பிளஸ் ஒன் மட்டும் எடுங்கள். பொதுத்தேர்வு இல்லாத வருடம் என்பதால் கற்றுக்கொடுக்கும் பழக்கம் உங்களுக்கு வர அவகாசம் இருக்கும். நன்றாக நடந்தால் அதே பிள்ளைகள் அடுத்த வருடம் பிளஸ் டூவுக்கும் உங்களிடமே வருவார்கள், புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை. அதற்குள் என்.சி.இ.ஆர்.டி பிளஸ் டூ புத்தகத்தில் ஒரு கணக்கு விடாமல் போட்டு முடித்துவிடுங்கள். மாதிரி வினாத்தாள்கள் cbseacademic.nic.in தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வேலையில் இருப்பவர்கள் பாடம் எடுக்கும்போது ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். ஆபீசில் டேலி செய்து கொடுப்பதைப் பிள்ளை கையால் செய்ய வேண்டும். வங்கிச் சரிகட்டும் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்க ஏட்டின்படி இருப்பு 40,000. கொடுத்த செக் 6,000 இன்னும் வங்கிக்குப் போகவில்லை. போட்ட செக் 9,000 இன்னும் வசூலாகவில்லை. வங்கி பிடித்த கட்டணம் 200. பாஸ் புத்தகத்தில் 36,800 என்று வரும், இதை எல்லாப் பிள்ளைகளும் போட்டுவிடுவார்கள். இப்போது அதே கணக்கில் 40,000 இருப்புக்குப் பதில் 40,000 ஓவர்டிராஃப்ட் என்று மாற்றிக் கொடுங்கள். "கொடுத்த செக்கைக் கூட்டு, போட்ட செக்கைக் கழி" என்று மனப்பாடம் செய்த பிள்ளை மறுபடியும் 36,800 என்றே எழுதி, பக்கத்தில் ஓவர்டிராஃப்ட் என்று போட்டு வைக்கும். சரியான விடை 43,200 ஓவர்டிராஃப்ட். 40,000-க்கு முன்னால் கழித்தல் குறியைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் அதே கூட்டல் கழித்தலைச் செய்தால் கழித்தல் 43,200 என்று தானாக வந்து நிற்கும். பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்க்க வேண்டுமானால் கணக்கைத் திருப்பி, பாஸ் புத்தகத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். போர்டைப் பார்த்து எழுதிய பிள்ளை அங்கேயே நின்றுவிடும்.

ஒவ்வொரு நோட்டையும் இப்படிப் பார்த்தாக வேண்டிய பாடம் இது. அதனால் ஒரு வகுப்பில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். கால் மணி நேரத்தில் எல்லா நோட்டையும் பார்த்து முடிக்க முடியவில்லை என்றால் ஆள் அதிகம் என்று அர்த்தம்.

சரி, பணத்துக்கு வருவோம். வீடு தேடிப் போய்ச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுவார்கள், அதிலும் நகரத்துக்குள் இருப்பவர்கள் 3,000 ரூபாய்கூடத் தருகிறேன் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். வாரம் மூன்று நாள், மாதம் 12 நாள். ஒன்றரை மணி நேரம் பாடம், போய்வர ஒரு மணி நேரம் என்றால் மொத்தம் 30 மணி நேரம் ஆகிறது. பெட்ரோலுக்கு ஒரு 400 போனால் மணிக்கு 90 ரூபாய்கூடத் தேறாது. உங்கள் வீட்டிலேயே எட்டுப் பேரை உட்கார வைத்து ஆளுக்கு 1,000 வாங்கினால் 8,000. சனி மாலை ஒன்றரை மணி, ஞாயிறு காலை இரண்டரை மணி, புதன் மாலை ஒரு மணி என்று மாதத்துக்கு 20 மணி நேரம் பாடம். தயாரிப்புக்கும் பேப்பர் திருத்தவும் இன்னொரு 12 மணி நேரம் வையுங்கள், பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அப்படிச் சேர்த்தும் மணிக்கு 250 ரூபாய் நிற்கும். ஆயிரம் என்பது நான் வைத்துக்கொண்ட தொகை. உங்கள் ஊரில் என்ன வாங்குகிறார்கள் என்று நாலு வீட்டில் விசாரியுங்கள். புது ஆள் என்பதற்காகப் பாதி விலைக்கு இறங்காதீர்கள், பிறகு ஏற்றவே முடியாது. வேண்டுமானால் முதல் இரண்டு வாரம் இலவசமாக வரட்டும்.

ஞாயிறு காலை வகுப்பைத்தான் முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பாடமெல்லாம் அன்றைக்கு. புதன்கிழமை பயிற்சிக் கணக்கு மட்டும் இருக்கட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து பாகூர் வந்து சேர்ந்த களைப்பில் புதுப் பாடம் நடத்தினால் பிள்ளைகளுக்கும் ஏறாது.

இந்த 8,000 பன்னிரண்டு மாதமும் வராது என்பதை இப்போதே மனதில் வையுங்கள். மே மாதம் ஒன்றும் இருக்காது. தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், நடுவில் ஒன்றிரண்டு பேர் விலகுவார்கள். வருடத்துக்கு ஒன்பது மாதம், சராசரியாக ஏழு பேர் என்று வைத்தால் 63,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,250. கடன் தவணையை இந்தத் தொகையை வைத்துத் திட்டமிடுங்கள், எட்டாயிரத்தை வைத்து வேண்டாம். நீங்கள் கேட்ட ஏழெட்டாயிரம் இரண்டாவது வருடம், பிளஸ் டூ வகுப்பும் சேர்ந்த பிறகு வரும்.

மழையையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்ததும், அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும் உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நவம்பர், டிசம்பரில் வகுப்புகள் விட்டுப்போகும் என்று வைத்துக்கொண்டு, கடினமான பாடங்களை அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். மொட்டை மாடிக் கொட்டகையில் வகுப்பு வேண்டாம், உள் அறையோ திண்ணையோ போதும்.

கட்டணத்தை மாதம் 5-ஆம் தேதிக்குள் முன்பணமாக வாங்குங்கள். சேரும் நாளிலேயே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளை வராத நாளுக்குக் கழிவு இல்லை, நீங்கள் எடுக்காத நாளுக்கு மாற்று வகுப்பு உண்டு. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பின்னால் மனஸ்தாபம் வராது. பணம் வர ஒரு தனி வங்கிக் கணக்கு வையுங்கள், சம்பளக் கணக்கில் கலந்தால் வருடக் கடைசியில் தேடிக்கொண்டிருப்பீர்கள். இந்த வருமானம் வந்துவிட்டால் நீங்கள் ஐ.டி.ஆர்-1 போட முடியாது, தொழில் வருமானத்துக்கான படிவத்துக்குப் போக வேண்டும். உங்கள் சம்பளத்தையும் இதையும் கூட்டினாலும் புதிய வரி முறையில் கட்ட வேண்டிய வரி எதுவும் வராது, ஆனால் காட்டாமல் விடாதீர்கள். சேவைக்கு ஜி.எஸ்.டி பதிவு வருடம் 20 லட்சத்தைத் தாண்டினால்தான், அது உங்களுக்கு வெகுதூரம்.

கடைசியாக, உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். "வேறு வேலையோ தொழிலோ செய்யக்கூடாது" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். இருந்தால் ஹெச்.ஆருக்கு நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: வேலை நேரத்துக்கு வெளியே, வீட்டில், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க அனுமதி கேட்கிறேன், கம்பெனியின் தகவலோ கருவியோ பயன்படுத்த மாட்டேன் என்று. வாய்மொழியாக "சரி, பண்ணிக்கோ" என்று மேலாளர் சொன்னாலும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மேலாளர் மாறிப்போவார். (இதைப் படிக்கும் பள்ளி ஆசிரியர்கள் இதே வழியில் போக முடியாது. 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது.) பதில் கைக்கு வந்த பிறகு முதல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.