இடை என்றால் எது?

அன்புள்ள ஐயா,

வார இறுதிகளில் இணையவழியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நான் படித்தது தமிழ்நாட்டுப் பாடநூலில். போன வாரம் இலங்கையிலிருந்து ஒரு மாணவி சேர்ந்தாள். ஒன்பது பேர் ஒரு வேலையை முடிக்க எடுத்துக்கொண்ட நிமிடங்கள் 4, 5, 5, 5, 6, 7, 8, 9, 41. இடையைக் காண்க என்று அவளுடைய கணக்கு. நடுவில் இருக்கும் 6 என்று சொன்னேன். விடைப் பக்கத்தில் 10 என்று இருக்கிறது. அடுத்த வரிகளில் ஆகாரம், நியம விலகல் என்றெல்லாம் வருகிறது. இதில் எந்தச் சொற்கள் சரி? இன்னொன்று, நம் பாடநூலின் திட்ட விலக்கத்தில் ‘திட்டம்’ ஏன் வந்தது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

விடைப் பக்கம் சரி. நீங்கள் கண்டுபிடித்த 6-உம் சரியான எண்தான், ஆனால் அது வேறு கேள்விக்கான விடை. இலங்கைப் பாடநூல்களில் ‘இடை’ என்பது நாம் சராசரி, கூட்டுச் சராசரி என்று சொல்வது, ஆங்கிலத்தில் ‘மீன்’. நீங்கள் சொன்ன நடு எண், அதாவது மீடியன், அங்கே ‘இடையம்’. நம் பாடநூலில் அது ‘இடைநிலை அளவு’. இடைநிலை என்று பழகிய காதுக்கு இடை என்றதும் நடு எண்தான் நினைவுக்கு வரும். பல வருடங்களுக்கு முன் ஓர் அறிக்கையைத் தமிழாக்கியபோது நானும் இப்படியே செய்தேன். இலங்கைக்காரர் ஒருவர் படித்துவிட்டு, “இடை என்று போட்டிருக்கிறீர்கள், ஆனால் எண் இடையத்தின் எண்ணாக இருக்கிறதே” என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அட்டவணை முழுவதையும் திருத்த வேண்டியிருந்தது.

இந்தக் குழப்பம் தமிழில் மட்டும் பிறந்ததல்ல. மீன், மீடியன் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுமே ‘நடுவில் உள்ளது’ என்று பொருள்படும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ஒன்று பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது, மற்றது அதிகம் மாறாமல் வந்தது. இடை, இடையம் என்ற இணை அந்த உறவை அப்படியே காட்டுகிறது. நம் பக்கத்தில் ஒன்றுக்குச் சராசரி என்ற வேறொரு சொல் கிடைத்துவிட்டதால், ‘இடை’ மற்றதற்கு மட்டும் போய்ச் சேர்ந்தது.

சரி, அந்த மாணவியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது எண்களையும் கூட்டினால் 90. ஒன்பதால் வகுத்தால் 10. இதுதான் சராசரி, அவளுடைய இடை. இப்போது ஒவ்வொரு எண்ணும் 10-லிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அவளையே எழுதச் சொல்லுங்கள்: −6, −5, −5, −5, −4, −3, −2, −1, +31. முதல் எட்டையும் கூட்டினால் −31. கடைசி ஒன்று +31. தராசின் ஒரு தட்டில் எட்டுப் பேர், மறு தட்டில் ஒரே ஆள். சராசரி என்பது இந்தத் தராசு சமமாக நிற்கும் இடம், அவ்வளவுதான். அது ‘வழக்கமான ஆள்’ அல்ல. இந்தக் கணக்கில் ஒன்பதில் எட்டுப் பேர் சராசரிக்குக் கீழே இருக்கிறார்கள்! சராசரி என்றாலே பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வரிசையைக் காட்டினால் போதும். பாதிக்குப் பாதி பிரிப்பது இடைநிலை அளவின் வேலை.

அடுத்து, 41 என்று இருப்பதை 14 என்று மாற்றிப் பாருங்கள். கையால் எழுதியதைத் தட்டச்சு செய்யும்போது இலக்கங்கள் இடம் மாறுவது அடிக்கடி நடப்பதுதான். இப்போது கூட்டுத்தொகை 63, சராசரி 7. மூன்று நிமிடம் இறங்கிவிட்டது. இடைநிலை அளவோ அதே 6. முகடும், அதாவது அதிக முறை வரும் எண்ணும், அதே 5. வரிசையில் கடைசியில் நிற்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை இடைநிலை அளவு பார்ப்பதே இல்லை, அவர் கடைசியில் நிற்கிறார் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால்தான் ஒன்றிரண்டு எண்கள் வெகுதூரம் ஓடிவிட்ட தரவுக்கு இடைநிலை அளவைக் கேட்கிறோம். ஆனால் மொத்தம் எவ்வளவு நேரம் செலவானது என்று பின்னால் கணக்குப் போட வேண்டியிருந்தால் அது உதவாது. 6-ஐ ஒன்பதால் பெருக்கினால் 54 வரும், உண்மையான மொத்தம் 90. சராசரியிலிருந்து மட்டும்தான் மொத்தத்துக்குத் திரும்பப் போக முடியும்.

முகடு என்று சொன்னேன் அல்லவா, அதுதான் மோட். இலங்கையில் அதற்கு ‘ஆகாரம்’. இதில் எனக்குத் தயக்கமே இல்லாமல் முகடுதான் பிடிக்கும். வடமொழியில் வடிவத்தைக் குறிக்கும் சொல்லும் உணவைக் குறிக்கும் சொல்லும் வெவ்வேறு ஒலிகள். தமிழுக்கு வந்ததும் இரண்டும் ஆகாரம் ஆகிவிட்டன. முதல்முறை கேட்கிற பிள்ளைக்குச் சாப்பாடுதானே ஞாபகம் வரும். முகடு அப்படியில்லை. நிகழ்வெண்களை வரைபடமாகப் போட்டால் மிக உயரமாக எழும்பும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது, கூரையின் முகட்டைப் போல. இரண்டு இடத்தில் எழும்பினால் இருமுகடு.

ஆனால் அந்த அழகான சொல்லே ஒரு தவறுக்கும் வழி வைக்கிறது. முகடு என்றதும் பிள்ளைகள் உயரத்தை எழுதிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் 5 மூன்று முறை வருகிறது. முகடு எவ்வளவு என்றால் 3 என்று எழுதுவார்கள். 3 என்பது நிகழ்வெண், எத்தனை முறை என்பது. முகடு என்பது அந்த உச்சிக்கு நேர் கீழே, கிடை அச்சில் இருக்கும் மதிப்பு, அதாவது 5 நிமிடம். விடையோடு அலகையும் எழுதச் சொல்லுங்கள். ‘3 நிமிடம்’ என்று எழுதும்போதே, அப்படி ஓர் எண் தரவில் இல்லையே என்று அவர்களுக்கே உறைக்கும்.

இனி உங்கள் திட்டம். இங்கே அதற்குத் தீட்டிவைத்த ஏற்பாடு என்ற பொருள் இல்லை. “திட்டமாகச் சொல்லு” என்கிறோமே, அந்தத் திட்டம். கணக்கான, வரையறுத்த அளவு. இந்தியத் திட்ட நேரம் என்பதிலும் இதே சொல்தான். ஆக, திட்ட விலக்கம் என்பது ஒரு தரவுக்கு வரையறுத்துக்கொண்ட பொது விலக்க அளவு. ஆங்கிலத்தில் இந்தப் பெயரைக் கொடுத்தவர் கார்ல் பியர்சன். 1894-இல் அச்சில் வந்தது. அதற்கு முன்பும் இந்தக் கணக்கு இருந்தது, வேறு வேறு பெயர்களில். மோட் என்ற பெயரும் அவர் கொடுத்ததுதான், அடுத்த வருடம்.

இலங்கையில் சொல்லும் ‘நியம விலகல்’ இதேதான். நியமம் என்றாலும் வரையறைதான், அதனால் அந்தப் பாதியில் இரண்டு சொற்களும் சமம். மறு பாதியில் நான் இலங்கைப் பக்கம் நிற்பேன். விலகுதல் தன்வினை, விலக்குதல் பிறவினை. எண்ணை யாரும் விலக்கிவைக்கவில்லை, அது தானாகத்தான் சராசரியை விட்டு விலகி நிற்கிறது. அதற்கு விலகல்தான் பொருத்தம். விலக்கம் என்றால் எதையோ கணக்கில் சேர்க்காமல் தள்ளிவைப்பது போல ஒலிக்கிறது. கணக்கிலோ எந்த எண்ணையும் தள்ளுவதில்லை. இருந்தாலும் உங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தேர்வில் வருவது திட்ட விலக்கம். அவர்களிடம் அதையே சொல்லுங்கள், காரணத்தை மட்டும் விளக்குங்கள்.

அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் அதே எண்களில் பார்த்துவிடலாம். விலகல்களை அப்படியே கூட்டினால் எப்போதும் பூச்சியம்தான், மேலே தராசில் பார்த்தோம். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்குகிறோம்: 36, 25, 25, 25, 16, 9, 4, 1, 961. கூட்டினால் 1102. ஒன்பதால் வகுத்தால் சுமார் 122.4. இது நம் நூலில் விலக்க வர்க்கச் சராசரி, இலங்கையில் மாறற்றிறன். இதன் அலகு ‘நிமிட வர்க்கம்’, அதை வைத்து எதையும் உணர முடியாது. வர்க்கமூலம் எடுத்தால் மறுபடி நிமிடத்துக்கு வருகிறோம்: சுமார் 11.1.

இந்த 11.1-ஐ எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடாதீர்கள். சராசரி 10, திட்ட விலக்கம் 11.1. ஒரு விலக்கம் கீழே இறங்கினால் பூச்சியத்துக்கும் கீழே போய்விடுகிறது. பூச்சியத்துக்குக் குறைவான நிமிடத்தில் யாராலும் வேலையை முடிக்க முடியாது. குறை எண்ணாக இருக்கவே முடியாத ஓர் அளவுக்குத் திட்ட விலக்கம் சராசரியைத் தாண்டினால், தரவு ஒரு பக்கமாக நீண்டு கிடக்கிறது என்று பொருள். உடனே மூல எண்களைத் திறந்து பார்க்க வேண்டும். 1102-இல் 961 ஒரே ஓர் ஆளிடமிருந்து வந்திருக்கிறது பாருங்கள். அந்த 41-ஐ 14 ஆக்கினால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 76, திட்ட விலக்கம் சுமார் 2.9. சராசரியையே ஆட்டிய அந்த ஒரு எண், திட்ட விலக்கத்தை ஏறக்குறைய நான்கு மடங்காக்கியிருக்கிறது. வர்க்கம் எடுப்பதன் விளைவு இது: தூரத்தில் இருப்பவரின் குரல் இன்னும் சத்தமாகக் கேட்கும்.

மாணவர்கள் விடையைக் கணினியில் சரிபார்ப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஸ்ப்ரெட்ஷீட்டில் `STDEV.P` என்று கொடுத்தால்தான் நாம் செய்தது போல 9-ஆல் வகுத்து 11.07 வரும். `STDEV.S` கொடுத்தால் 8-ஆல் வகுத்து 11.74 காட்டும். பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரியை வைத்து அந்தக் கூட்டத்தின் பரவலை மதிப்பிடும்போது செய்வது அது. ஒன்பது பேர்தான் முழுத் தரவு என்றால் முதலாவதே போதும்.

அந்த மாணவியோடு தொடர்ந்து படிக்கும்போது எந்த நாட்டுச் சொல் என்ற சந்தேகம் மறுபடி வரும். அதே பக்கத்தில் மீடிறன் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். நம் நிகழ்வெண்தான் அது, மீள் + திறன், திரும்பத் திரும்ப வருவது. மீடிறன், மாறற்றிறன், நியம விலகல் இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும், அந்தப் பக்கத்து ‘இடை’ சராசரிதான். இடைநிலை அளவு, நிகழ்வெண் என்று இருந்தால் அது நம் நூல். இரண்டும் இல்லாத வெறும் கேள்வித்தாள் என்றால், “எண்களைக் கூட்டி வகுப்பதா, வரிசைப்படுத்தி நடுவை எடுப்பதா?” என்று அவளிடமே கேட்டுவிடுங்கள். அவள் வகுப்பில் எது பழக்கம் என்பது அவளுக்குத் தெரியும்.