அடிமனைக் குத்தகை முடிந்தால் வீடு யாருக்கு?

"கும்பகோணத்தில் கோயில் அடிமனையில் அப்பா வீடு கட்டினார். குத்தகை முடிஞ்சா வீடும் கோயிலுக்குப் போயிடுமா?"

முதலில் பத்திரத்தைப் பாருங்கள். "கட்டடம் மனைக்காரருக்கே சேரும்" என்றோ, "ஈடு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்" என்றோ ஒரு வரி இருந்தால் அதுதான் செல்லும்.

அப்படி ஏதும் இல்லையென்றால் 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு பேசும். மண் கோயிலுடையது, கட்டியவை உங்களுடையவை. ஆனால் மனை உங்கள் வசம் இருக்கும்போதே அவற்றைப் பிரித்து எடுத்து, மனையை வாங்கியபடியே திருப்பித் தர வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. தேக்குக் கதவு, உத்தரம், நாட்டு ஓடு இவற்றைக் கழற்றலாம். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் இடித்தால் வெறும் கப்பிதான். நம்மூரில் பலர் ஏமாறுவது இங்கேதான். சட்டம் உரிமை தருகிறது, விலை தருவதில்லை.

அதனால் ஆண்டுக்கணக்கு முக்கியம். 30 ஆண்டுக் குத்தகையில் 5 ஆண்டு மிச்சம் இருக்கும்போது மாடி எடுத்தால், அந்தச் செலவை 5 ஆண்டில் அனுபவித்துத் தீர்க்க வேண்டும். 99 ஆண்டென்றால் கணக்கே வேறு.

இன்னொன்று, அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோயில் நிலத்தை 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையர் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது (1959 சட்டம், 34ஆம் பிரிவு). ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவும் கட்டாயம். அப்பா வைத்திருந்தது வெறும் அடிமனை வாடகை ரசீதுக் கட்டு மட்டும்தானா, பதிவான பத்திரமும் உண்டா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். மாடிக்கு ஒரு செங்கல் வாங்குவதற்கு முன்னால், வீட்டுக்கு ஈட்டுத்தொகை உண்டு என்ற வரியைச் சேர்த்துக் குத்தகையைப் புதுப்பித்துத் தரும்படி கோயில் செயல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்.